"விவரி" என்று கேட்டால் காரணம் எழுதாதீர்கள்

உயிரியல் தாளில் பார்த்தேயிராத சோதனை வந்தால், பிள்ளைகள் நேரே காரணத்துக்குத் தாவிவிடுகிறார்கள். வகுப்புக்காக நானே கற்பனையாக ஓர் அட்டவணை போட்டேன். உப்புநீரில் நெல் முளைப்பு: லிட்டருக்கு 0 கிராம் உப்பில் 92%, 3 கிராமில் 90%, 6 கிராமில் 43%, 9 கிராமில் 8%.

இதை விவரிக்கச் சொன்னால், "உப்பு கூடக் கூட முளைப்பு குறைகிறது" என்பது அரை விடைதான். 3 கிராம் வரை பெரிய மாற்றமே இல்லை. 3-க்கும் 6-க்கும் இடையில்தான் 90%-இலிருந்து 43%-ஆகச் சரிகிறது. அந்தத் திருப்பத்தை இரண்டு எண்களோடும் அலகோடும் காட்ட வேண்டும்.

காரணம் கேட்டால் மட்டும், சவ்வூடுபரவலால் விதைக்குள் போகும் நீர் குறைந்திருக்கலாம் என்று எழுதலாம். விதை உறிஞ்சிய நீரை இங்கே யாரும் அளக்கவில்லை. அதனால் அந்த "இருக்கலாம்" விடுபடக் கூடாது, பிள்ளைகளே!