ஒரு மூலப்படி, மூன்று விண்ணப்பங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நர்சிங் புதிய தொழில் அல்ல. நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838-இல் தொடங்கியது. இன்று இந்த மாவட்டத்து நர்ஸ் ஒருவருக்கு ஒரே வாரத்தில் மூன்று திசைகளிலிருந்து வேலை அறிவிப்பு வரலாம். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் திருவனந்தபுரம் இருக்கிறது. வளைகுடா உள்ளிட்ட வெளிநாடுகளுக்கு ஆள் அனுப்ப 1978-இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையும் இருக்கிறது. மூன்று இடங்களும் ஒரே நர்சிடம் வேறுவேறு கேள்விகளைக் கேட்கின்றன.

இந்தக் குறிப்புகள் தக்கலைப் பக்கத்து நர்ஸ் ஒருவரின் ஒரு வாரத்தைப் பின்தொடர்கின்றன. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர். ஒன்றரை வருடம் பொது வார்டு, அதன்பின் இரண்டரை வருடம் பன்னிரண்டு படுக்கை கொண்ட ஐசியூ. நைட் டூட்டி முடிந்து வந்து, அறிவிப்புக்கு ஒன்றாகப் புதிய ரெஸ்யூம் எழுத அவருக்கு நேரம் கிடையாது.

திங்கள்

சவுதியில் பல வருடம் ஐசியூவில் வேலை பார்த்துத் திரும்பிய மைனி, காலையில் ரெஸ்யூமை வாங்கிப் பார்க்கிறார். இரண்டு பக்கம், அழகான கட்டங்கள், ஓரத்தில் நட்சத்திரம் போட்ட திறமைப் பட்டியல்.

“இத அனுப்பாத பிள்ளே. முதல்ல ஒரு பெரிய படி எழுது. பத்தாயத்துல நெல்ல போட்டு வச்சா, அன்னன்னைக்கு வேண்டியத அளந்து எடுக்கலாம்லா?”

அந்தப் பெரிய படிதான் மூலப்படி. அதை யாருக்கும் அனுப்புவதில்லை. அதனால் ஐந்து பக்கம் போனாலும் தவறில்லை. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி மாறாதது: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலின் பதிவு எண், பட்டம் முடித்த வருடம், ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த நாளும் விலகிய நாளும், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டில் உள்ளபடி பதவிப் பெயர். இரண்டாம் பகுதியில் செய்த வேலைகள் வரிவரியாக வருகின்றன. வென்டிலேட்டர் நோயாளி, இன்ஃப்யூஷன் பம்ப், தொற்றுத் தடுப்பு, அவசர நிலை, பதிவேடுகள், ஜூனியர்களுக்குப் பயிற்சி என்று தலைப்புவாரியாக அவற்றைப் பிரித்துக்கொள்கிறார்.

‘நோயாளிகளைக் கவனித்தேன்’ என்ற வரியால் எந்த அறிவிப்புக்கும் பயனில்லை. எத்தனை படுக்கை, ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளி, எந்தக் கருவி, தானே செய்ததா அல்லது உடன் நின்றதா என்பது வரியில் இருந்தால்தான் பிறகு அதை எடுத்து வேறிடத்தில் வைக்க முடியும். அவர் எழுதுகிறார்: பன்னிரண்டு படுக்கை ஐசியூ, ஷிப்டுக்கு இரண்டு நோயாளிகள், வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சளி உறிஞ்சுதல், வாய்ப் பராமரிப்பு, தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தல், ஏபிஜி ரத்த மாதிரி எடுத்தல்.

எழுதி முடிக்க அன்று சாயங்காலம் வரை ஆகிறது. நேரம் அதிகம் பிடிக்கும் வேலை இது ஒன்றுதான்.

செவ்வாய்

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை மெடிக்கல் ஐசியூவுக்கு ஆள் தேடுகிறது. இரண்டு வருட ஐசியூ அனுபவம், வென்டிலேட்டர், என்ஏபிஎச் தர ஆவணங்கள் பற்றிய பழக்கம், மலையாளம் ஆகியவை கட்டாயம். சிஆர்ஆர்டி, அதாவது நாள் முழுக்க மெதுவாக ஓடும் டயாலிசிஸ், தெரிந்தால் நல்லது.

அறிவிப்பை அச்செடுத்து, கட்டாயமானவற்றை வட்டமிட்டு, விரும்பத்தக்கவற்றுக்கு அடிக்கோடு போடுகிறார். ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிரே மூலப்படியில் எந்த வரி பதில் சொல்கிறது என்று குறிக்கிறார். சில இடங்கள் காலியாக நிற்கின்றன. அந்தக் காலியிடங்கள் மூன்று வகைப்படும்.

முதல் வகை, வேலை இருக்கிறது, சொல் வேறு. மூலப்படியில் அவர் ‘ஃபைல் வேலை’ என்று எழுதியது, என்ஏபிஎச் தணிக்கைக்கான நர்சிங் பதிவேடுகள்தான். அறிவிப்பின் சொல்லையே எடுத்துக்கொள்கிறார். இரண்டாம் வகை, இருக்கிறது, எழுத விட்டுப்போனது. மலையாளம் அப்படித்தான், எல்லையோரத்து ஊரில் அது பேச்சோடு பேச்சாகக் கலந்திருப்பதால் தகுதியாகவே தோன்றவில்லை. அதை மூலப்படியிலேயே சேர்த்துவிடுகிறார். அடுத்த முறை தேட வேண்டாம். மூன்றாம் வகை, உண்மையிலேயே இல்லாதது.

சிஆர்ஆர்டி அந்த மூன்றாம் வகை. அவருடைய ஐசியூவில் டெக்னீஷியன் சாதாரண டயாலிசிஸ் ஓட்டும்போது இவர் நோயாளியின் ரத்த அழுத்தத்தைக் கவனித்ததுண்டு.

“சேத்து எழுதிரலாமா மைனி?”

“சர்க்கியூட் அடச்சா என்ன செய்வே, ரத்தம் உறையாம இருக்க என்ன மருந்து ஓடும்னு கேப்பாவ. சொல்லத் தெரியுமா?”

எழுதவில்லை. ‘ஐசியூ படுக்கையில் டயாலிசிஸ் நடக்கும்போது நோயாளியைக் கண்காணித்தது’ என்ற உண்மையான வரி அந்த இடத்துக்கு வருகிறது.

இனி மாற்றவேண்டிய இடங்கள் மூன்றுதான்: பெயருக்குக் கீழே மூன்று வரி அறிமுகம், திறமைப் பட்டியலின் வரிசை, கடைசி வேலையின் கீழ் வரும் முதல் ஐந்து வரிகள். படிப்பும் பழைய வார்டு வேலையும் அப்படியே நிற்கின்றன. வார்டு வேலை இரண்டு வரியாகச் சுருங்குகிறது. வேர்டில் ஒரு வரியின்மேல் கர்சரை வைத்து Alt+Shift+↑ அழுத்தினால் அந்த வரி மேலே ஏறும். வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. வென்டிலேட்டர் வரி முதலிடத்துக்கும், பதிவேட்டு வரி இரண்டாமிடத்துக்கும் போகின்றன. அரைமணி நேரத்துக்குள் முடிகிறது; அதில் பாதிக்குமேல் அறிவிப்பை வாசித்த நேரம்.

அனுப்புமுன் ஒரு சோதனை. பிடிஎஃப்பில் உள்ள எழுத்து முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுகிறார். பழைய ரெஸ்யூமின் இரட்டைப் பத்தியை அப்படி ஒட்டியபோது, பதிவு எண் திறமைப் பட்டியலின் நடுவே போய் விழுந்தது. விண்ணப்பங்களை மென்பொருளில் போட்டுத் தேடும் அலுவலகத்துக்கும் அது அப்படிக் குழம்பித் தெரியக்கூடும். புதிய படி ஒற்றைப் பத்தியாக, கட்டங்களும் நட்சத்திரங்களும் இல்லாமல் வரிசையாக வருகிறது.

வியாழன்

அடுத்து வந்த சவுதி வேலை அறிவிப்புக்காகச் செவ்வாய்க்கிழமைப் படியைத் திறந்து திருத்தப் போனவரை மைனி தடுக்கிறார். திருவனந்தபுரத்துக்காகச் சுருக்கியவை அதில் இல்லை. படியிலிருந்து படி எடுத்தால் ஒவ்வொரு முறையும் சில வரிகள் காணாமல் போகும். பழைய மருத்துவமனைக்காக எழுதிய அறிமுகம் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் மூலப்படியான `Base_RN.docx` கோப்பிலிருந்தே தொடங்கி, Save As கொடுத்து, `RN_ICU_Saudi.docx` போன்ற புதுப் பெயரில் வைக்க வேண்டும்.

இங்கே முன்னுக்கு வருபவை வேறு. துறைவாரியாக ஆள் எடுப்பார்கள் என்பதால், ‘நான்கு வருட அனுபவம்’ என்று மொத்தமாகச் சொல்வதைவிட, ‘ஐசியூ இரண்டரை வருடம்’ என்று அறிமுகத்தின் முதல் வரியிலேயே சொல்வது பயன் தரும். அறிவிப்பு கேட்டபடி புகைப்படமும் பாஸ்போர்ட் விவரமும் சேர்கின்றன. மலையாள வரி மொழிகள் பட்டியலுக்குள் இறங்குகிறது.

சவுதியில் நர்சாகப் பதிவு செய்ய, டேட்டாஃப்ளோ என்னும் சரிபார்ப்பைத் தாண்டவேண்டும். பட்டம், கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று ஆகியவற்றை வழங்கிய இடத்திடமே கேட்டு உறுதிசெய்யும் முறை அது. சர்டிபிகேட்டில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று இருக்க, ரெஸ்யூமில் ‘சீனியர் ஐசியூ நர்ஸ்’ என்று போட்டால் எந்த ஆவணம் சரி என்ற கேள்வி எழும். சேர்ந்த தேதி ஒரு மாதம் தள்ளிப்போனாலும் அதே கேள்விதான். மூலப்படியின் முதல் பகுதியில் கை வைக்காததன் காரணம் இதுவே. பதவிப் பெயர் சான்றில் உள்ளபடி. பிரிவின் பெயர் அதற்குக் கீழ்வரியில்.

சனி

பிரிட்டன் அறிவிப்போடு தனியாக ஒரு தகுதிப் பட்டியல் வருகிறது: கட்டாயம், விரும்பத்தக்கது என்று பிரித்து. முதல் வடிகட்டல் அந்தப் பட்டியலை வைத்தே நடக்கிறது. அதனால் வட்டமிடும் வேலை மிச்சம். விண்ணப்பப் படிவத்தில் ‘தகுதியை விளக்குக’ என்று கேட்கும் இடத்தை, பட்டியலின் வரிசை மாறாமல் மூலப்படி வரிகளைக் கொண்டு அவர் நிரப்புகிறார்.

புகைப்படம், பிறந்த தேதி, மதம், திருமண நிலை எல்லாம் இங்கே நீக்கப்படுகின்றன. ‘கேஷுவால்டி’ என்று எழுதியது ‘எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்’ ஆகிறது. பட்டியல் குழு வேலையையும் நோயாளியின் பாதுகாப்பையும் கேட்பதால், ஷிப்டு மாறும்போது நோயாளியை ஒப்படைத்த முறையும், மருந்துத் தவறு நேராமல் இருவராகச் சரிபார்த்த வழக்கமும் மேலே ஏறுகின்றன. வென்டிலேட்டர் வரி அவற்றுக்குக் கீழே இறங்குகிறது.

வார்டு வேலைக்கும் ஐசியூவுக்கும் நடுவே நான்கு மாத இடைவெளி உண்டு. அம்மாவின் ஆபரேஷன் காரணம். இடைவெளிகளுக்குப் படிவம் விளக்கம் கேட்கிறது. ஒரு வரியில் அதைச் சொல்லி, அந்த வரியை மூலப்படியிலும் சேமிக்கிறார்.

ஞாயிறு

நோட்டில் ஒரு பக்கம்: அனுப்பிய நாள், இடம், கோப்பின் பெயர், மேலே ஏற்றிய வரிகள். அழைப்பு ஒரு மாதம் கழித்து வரலாம். அப்போது எதிரில் இருப்பவர் கையில் எந்தப் படி இருக்கிறது என்று தெரியாமல் பேசினால், எழுதியது ஒன்றும் சொல்வது ஒன்றுமாகிவிடும்.

இந்த முறையால் ஆகாததும் உண்டு. ஐசியூ நர்ஸ் பிரசவ வார்டு வேலைக்கு விண்ணப்பித்தால், வரிகளை எவ்வளவு மாற்றி அடுக்கினாலும் வட்டங்களுக்கு எதிரே காலியிடமே நிற்கும். கட்டாயத் தகுதிகளில் பாதிக்குமேல் காலியாக இருந்தால் அந்த அறிவிப்பை விட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். மிச்சமாகும் அரைமணி நேரம் பொருத்தமான இன்னொரு அறிவிப்புக்குப் போகிறது.

ரெஸ்யூம் அனுப்பத் தயாராகும் நர்சுகள் இன்றே எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டை எடுத்து மூலப்படியின் பக்கத்தில் வைத்து, தேதிகளையும் பதவிப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றிலேயே தவறு இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே மருத்துவமனை அலுவலகத்தில் கேட்டுத் திருத்தி வாங்கிவிடுங்கள்.