வடை தெரியும் ஃப்ரேம்: ரீல்ஸ் கவர் பற்றிச் சில குறிப்புகள்

ஷெட்யூல் போட்டு ரீல்ஸ் வெளியிடும்போது நாம் எதுவும் சொல்லாவிட்டால் இன்ஸ்டாகிராம் வீடியோவின் முதல் ஃப்ரேமையே கவராக எடுத்துக்கொள்ளும். ஏபிஐ-யில் `thumb_offset` என்று ஒரு எண் கொடுக்கலாம். எத்தனையாவது மில்லி செகண்டில் இருக்கும் ஃப்ரேம் வேண்டும் என்பதுதான் அந்த எண். கொடுக்காமல் விட்டால் அது 0. எடிட்டர் தொடக்கத்தில் ஃபேட் வைத்திருந்தால் அந்த இடத்தில் இருப்பது வெறும் கறுப்பு. டிக்டாக்கிலும் இதே கதை. அங்கே `video_cover_timestamp_ms`, கொடுக்காவிட்டால் முதல் ஃப்ரேம்.

இன்ஸ்டாகிராமில் இன்னொரு வழி `cover_url`. நாமே ஒரு ஜேபெக் படம் எடுத்து, வெளியிலிருந்து திறக்கக்கூடிய இடத்தில் வைத்து, அதன் முகவரியைக் கொடுப்பது. இரண்டையும் கொடுத்தால் படம்தான் செல்லும், எண்ணை இன்ஸ்டாகிராம் பார்க்காது. நான் எப்போதும் இந்த வழியைத்தான் சொல்வேன். ஏன் என்பது கீழே.

*

ஒரு வீடியோவை எடுத்துக்கொள்வோம். மெதுவடை, 42 விநாடி, செங்குத்து வடிவம், 1080×1920. முதல் 3 விநாடி சமைக்கும் அக்கா கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். 15 வரை உளுந்து, அரைத்த மாவு, மிளகு. கீழே அளவுகள் எழுத்தில் வருகின்றன. 34 வரை தட்டுவது, எண்ணெயில் போடுவது, திருப்புவது. 34 முதல் 38 வரை ஒரு வடையைப் பிட்டுக் காட்டுகிறார், ஆவி பறக்கிறது. கடைசி 4 விநாடி 'நன்றி' என்ற அட்டை.

பார்க்கிற எவரும் பிட்ட வடையைத்தான் கவராகக் கேட்பார்கள். இயந்திரம் அதை எடுப்பதில்லை.

தானாகத் தேர்ந்தெடுக்கும் நிரல்களில் பெரும்பாலும் முதலில் வருவது கூர்மை அளவு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, லாப்லாசியன் என்ற வடிகட்டியைப் போட்டு, வரும் மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்ப்பார்கள். ஓப்பன்சிவி-யில் இது ஒரே வரி. விளிம்புகள் தெளிவாக இருந்தால் எண் பெரிது, மங்கினால் சிறிது. அரை விநாடிக்கு ஒரு ஃப்ரேம் எடுத்து இந்த அளவுப்படி வரிசைப்படுத்தினால் நம் வீடியோவில் முதலில் வந்து நிற்பது 'நன்றி' அட்டை. அடுத்தது 'உளுந்து 1 கப்' என்ற எழுத்து வரும் ஃப்ரேம்கள். எழுத்தின் விளிம்பைவிடக் கூர்மையானது படத்தில் வேறெதுவும் இல்லையே. ஆவி பறக்கும் ஃப்ரேமோ கடைசிப் பக்கம் கிடக்கிறது. ஆவி எல்லாவற்றையும் லேசாக மூடிவிடுவதால் அந்த எண் விழுந்துவிடுகிறது.

அட்டையை நீக்குவது சுலபம். ஒரு விநாடிக்கு மேல் அசையாமல் நிற்கும் ஃப்ரேம்களைத் தள்ளிவிட்டால் போதும், அசலாகப் படம் பிடித்ததில் அப்படி ஒன்று அரிது. எழுத்து வரும் இடத்தை எடிட்டர் பெரும்பாலும் மாற்றமாட்டார். அளப்பதற்கு முன் அந்தப் பட்டையை வெட்டிவிட வேண்டும்.

ஆவிக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படத்தை 4×6 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, அதிகக் கூர்மையான கட்டத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கேமரா அசைந்து மங்கிய ஃப்ரேமில் எல்லாக் கட்டங்களும் மங்கலாக இருக்கும். ஆவி ஃப்ரேமில் பின்னணி மங்கினாலும் வடையின் முறுகிய ஓரம் விழும் கட்டம் கூர்மையாகவே இருக்கும். அந்த ஒரு கட்டம் அதைக் காப்பாற்றிவிடுகிறது.

இந்த எண்ணை வைத்து இரண்டு வீடியோக்களை ஒப்பிடக் கூடாது. இரவில் எடுத்த வீடியோவில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலையும் அது கூர்மை என்றே எண்ணும். ஒரே வீடியோவுக்குள் மோசமானவற்றைக் கழிக்க மட்டுமே அது உதவும்.

என் முடிவு: இயந்திரம் கழிக்கட்டும். கறுப்பு, அட்டை, அசைவு, மூடிய கண் இவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் மூன்று ஃப்ரேம்களைக் கொண்டுவந்து வைக்கட்டும். மூன்றில் எது என்பதை ஆள் சொல்லட்டும்.

*

கண். முகம் வரும் வீடியோக்களில் பாதி மூடிய கண்தான் அதிகம் உறுத்துவது. கண்ணின் உயரத்தை அகலத்தால் வகுத்துப் பார்ப்பது வழக்கம். அந்த விகிதம் ஏறத்தாழ 0.2-க்குக் கீழே போனால் மூடியிருக்கிறது என்று கொள்வார்கள். ஆனால் வாய்விட்டுச் சிரிப்பவர்களுக்குக் கண் இடுங்கும், நல்ல சிரிப்பு ஃப்ரேம்களை இந்த விதி தூக்கி எறிந்துவிடும். அந்த வீடியோவிலேயே அவர் கண் வழக்கமாக எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்து, அதில் பாதிக்குக் கீழே போனால் மட்டும் கழிப்பது மேல். ஓர் இமைப்பு அரை விநாடிக்குள் முடிந்துவிடும்; ஃப்ரேமைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தினால் சரியாகிவிடும்.

வாய்க்கு வேறு வழி. பேச்சின் நடுவே எடுத்தால் வாய் கோணலாக நிற்கும். பேச்சில் எங்கே இடைவெளி விழுகிறது என்பதை `ffmpeg`-இன் `silencedetect` சொல்லிவிடும். அந்த இடைவெளியில் எடுத்த முகம் அமைதியாக இருக்கும். பின்னணி இசை சேர்ப்பதற்கு முந்தைய ஒலியில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இடைவெளியே கிடைக்காது.

பெரிய முகத்தைத் தேடும் நிரலிடம் கடை வீடியோவைக் கொடுத்தால், பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரைப் பிடித்துக்கொண்டு வரும். அவர் வீடியோவில் ஒரு நொடி கடந்து போனது வேறு, கவரில் நிரந்தரமாக நிற்பது வேறு. இதை எந்த எண்ணும் காட்டித்தராது. ஆள் பார்த்தே ஆக வேண்டிய காரணங்களில் எனக்கு இதுதான் முதல்.

*

வெட்டு. 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் பிரொஃபைல் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3:4 ஆக மாற்றியது. நம் 1080×1920 கவரில் நடுவில் இருக்கும் 1080×1440 மட்டுமே அங்கே தெரியும். மேலே 240, கீழே 240 பிக்சல் போய்விடும்.

36.2-வது விநாடி ஃப்ரேம் முழுத்திரையில் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அக்கா வடையைத் தாழ்வாகப் பிடித்திருக்கிறார், அது கீழிருந்து 300 பிக்சலுக்குள் கிடக்கிறது. பிரொஃபைல் பக்கத்தில் அதை வைத்துக் காட்டினால் அவரே கேட்பார்: "என்ன தம்பி, வடையக் காணோம்? என் தலைதான தெரியுது?" 37-வது விநாடியில் கையை நெஞ்சு வரை உயர்த்துகிறார். ஆவி கொஞ்சம் குறைவு, ஆனால் வடை முழுதாக உள்ளே இருக்கிறது. அதுதான் கவர்.

இதைப் பெரிய மானிட்டரில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. கட்டத்தின் அகலம் போன் திரையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும்:

```
ffmpeg -ss 37 -i vadai.mp4 -frames:v 1 -q:v 2 c2.jpg
ffmpeg -i c2.jpg -vf "crop=iw:iw*4/3,scale=120:-1" c2_s.jpg
```

முதல் வரி ஃப்ரேமை எடுக்கிறது, இரண்டாவது நடுப்பகுதியை வெட்டி 120 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குகிறது. அந்த அளவில் அது வடை என்று தெரிந்தால் சரி. எழுத்து போட்டிருந்தால் அதையும் அங்கேதான் படித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்குப் போதும் என்கிற எழுத்தளவில் தமிழின் கொம்பும் சுழியும் புள்ளியும் கலந்துவிடும். நான்கு சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள்.

எச்டிஆரில் எடுத்த ஐபோன் வீடியோவிலிருந்து இப்படி நேராக எடுத்த படம் வெளிறிப்போய், சாம்பல் பூத்தது மாதிரி வரும். எடிட்டரை எஸ்டிஆரில் ஏற்றுமதி செய்யச் சொல்லி, அதிலிருந்து எடுங்கள்.

*

`thumb_offset` ஏன் வேண்டாம்? கவராக 37000 என்று போட்டு ஒப்புதலும் வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் தொடக்கம் இழுவையாக இருக்கிறது என்று எடிட்டர் முதல் 1.8 விநாடியை வெட்டிவிட்டு, அதே பெயரில் கோப்பை மாற்றிவைக்கிறார். இப்போது 37000 காட்டுவது பழைய வீடியோவின் 38.8-வது விநாடி. அது 'நன்றி' அட்டை. எந்தப் பிழைச் செய்தியும் வராது, நிரலைப் பொறுத்தவரை எல்லாம் சரி.

படமாகவே எடுத்து வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. போனில் எடுத்த வீடியோக்களில் ஃப்ரேம் வேகம் சீராக இருக்காது என்பதும் ஒரு காரணம். ஃப்ரேம் எண்ணை 30-ஆல் வகுத்து நேரம் கணக்கிட்டால் போகப் போக விலகும்.

படத்தோடு சேர்த்து, ஒப்புதல் கொடுத்த நேரத்தில் வீடியோ கோப்பின் `sha256sum` என்ன என்பதையும் எழுதிவைக்க வேண்டும். வெளியிடும் நேரத்தில் அது மாறியிருந்தால் ஒப்புதல் செல்லாது, ஆளிடம் திரும்பப் போக வேண்டும். மூன்று ஃப்ரேம்களும் மறுபடி எடுக்கப்பட வேண்டும்.

*

வெளியிடும் வரிசை. இன்ஸ்டாகிராமில் முதலில் ஒரு கன்டெய்னர் உருவாக்குகிறோம். `status_code` `FINISHED` என்று வந்த பிறகு `media_publish`. கன்டெய்னர் 24 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். வெள்ளிக்கிழமை மாலைக்கான ரீலைத் திங்களன்றே அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது. வரிசை நம்மிடம் இருக்க வேண்டும், கன்டெய்னரை நேரம் நெருங்கும்போது உருவாக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கவர் படத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் செல்லுபடியாகும் இணைப்பைத் திங்களன்றே உருவாக்கி வைத்திருந்தால், வெள்ளியன்று அது செத்துப்போயிருக்கும். படத்தின் கோப்புப் பெயரை மட்டும் சேமித்துவைத்து, இணைப்பைக் கன்டெய்னரோடு சேர்த்து அப்போதே உருவாக்குவது நல்லது.

`FINISHED` வந்துவிட்டது என்றால் கவர் சரி என்று பொருளில்லை. வீடியோவை வாங்கிச் செரித்துவிட்டது என்று மட்டுமே பொருள். கன்டெய்னர் நிலையில் கவரை முன்கூட்டிக் காட்டும் வசதியும் இல்லை. அதனால் வெளியானதும் அந்தப் பதிவின் `thumbnail_url`-ஐ இறக்கி, நாம் கொடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். அவர்கள் படத்தைச் சுருக்கியிருப்பார்கள் என்பதால் பிக்சலுக்குப் பிக்சல் ஒத்துப்போகாது. படத்தின் சாயலை 64 பிட்டில் குறிக்கும் டிஹாஷ் போதும். ஒரே படம் என்றால் சில பிட்டுகளே வேறுபடும். பத்தைத் தாண்டினால் நம் போனுக்கு ஒரு செய்தி வரட்டும். அப்போது செய்யக்கூடியது ஆப்பைத் திறந்து கவரைக் கையால் மாற்றுவதுதான். வெளியான பதிவின் கவரை ஏபிஐ வழியாக மாற்ற முடியாது.

*

நேரம் வந்துவிட்டது, கவரை யாரும் பார்க்கவில்லை. என்ன செய்வது? நிரலே தேர்ந்தெடுத்ததைப் போட்டுவிடலாம் என்றுதான் பலரும் அமைக்கிறார்கள். நான் நிறுத்திவைப்பேன். வடை வீடியோ மாலை 4 மணிக்குப் பதில் 5 மணிக்கு வந்தால் பெரிய நஷ்டமில்லை. யாரென்றே தெரியாத ஒருவரின் முகத்தோடு 4 மணிக்கு வந்தால் அந்த மனிதருக்கு அது நஷ்டம். மூன்று சிறு படங்களைப் பார்த்து ஒன்றைத் தொட அரை நிமிடம் ஆகாது. அந்தத் திரையை வாட்ஸ்ஆப்பில் வரும் ஓர் இணைப்பாகவே கொடுத்துவிடலாம்.

ஷெட்யூலர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'ஒப்புதல் இல்லையென்றால் வெளியிடாதே' என்பதைத் தேடிப்பிடித்துத் தட்ட வேண்டிய டிக் பெட்டியாக வைக்காதீர்கள். தொடக்கத்திலிருந்தே அதை இயக்கிவைத்துக் கொடுங்கள்.