ஆயிரம் பேர் பார்த்தால் எத்தனை ரூபாய்?

முன்பெல்லாம் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், பி.எஃப். பிடிக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். இப்போது, "சேனல் வெச்சிருக்காராமே, ஆயிரம் வ்யூஸுக்கு எவ்வளவு வருது?" என்கிறார்கள். கத்திரிக்காய் கிலோ என்ன விலை என்று கேட்பது போல, கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் யூடியூபில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஒரு ரேட் கிடையவே கிடையாது ஸார். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரே படிக்கட்டை உபயோகிக்கும் இரண்டு சேனல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஆயிரத்துக்கு 25 ரூபாய் வருகிறது. மற்றதற்கு 170.

25 ரூபாய்க்காரன் என் மச்சினன். கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். மாசம் 28 ஆயிரம். காலையில் பீச் வண்டியில் தொங்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் படம் எடுப்பான். பல்லாவரம் வாரச் சந்தை, முடிச்சூர் மழைத் தண்ணீர், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் எந்தப் பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று வளைத்து வளைத்து வீடியோ போடுவான். மாசத்துக்கு 2 லட்சம் பார்வை. 170 ரூபாய்க்காரி மேல் மாடி மாமி. வயது 63. மூன்று பிரசவங்களுக்கு அமெரிக்கா போய் வந்தவர். குளிர் ஊரில் இட்லி மாவு பொங்க அவனுக்குள்ளே லைட்டை மட்டும் போட்டு எப்படி வைப்பது, சூட்கேஸில் எந்தப் பொடியை எப்படிக் கட்டுவது என்று நிதானமாகச் சொல்லுவார். மாசம் 40 ஆயிரம் பார்வைதான்.

பெருக்கிப் பாருங்கள். மச்சினனுக்கு 5,000. மாமிக்கு 6,800.

இது தெரிந்த அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. போதாக்குறைக்கு அவனுடைய ஒரு நிமிஷத் துண்டு வீடியோ ஒன்று 10 லட்சம் பேரைத் தாண்டி ஓடியிருந்தது. அந்தத் தைரியத்தில் ராஜினாமாக் கடிதம் டைப் செய்து வைத்திருந்தான். "அத்தான், யூடியூப்காரன் என்னை ஏமாத்தறான்" என்றான். என் மனைவியோ, "நீங்கதான் அவனுக்குக் கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்களேன்" என்று பிரச்னையை என் பக்கம் தள்ளிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதல் விஷயம், யூடியூப் நம் வீடியோவுக்குக் காசு கொடுப்பதில்லை. வீடியோ நடுவே வரும் விளம்பரத்துக்கு விளம்பரதாரர் கொடுப்பதில் ஒரு பங்கைத்தான் கொடுக்கிறது. யாராவது ஒருவர் வீடியோவைத் தட்டிய மாத்திரத்தில், கண் இமைப்பதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. ஏலத்தில் விற்கப்படுவது மாமியின் இட்லி அல்ல. இட்லியைப் பார்க்கிற ஆசாமி! அவர் எந்த ஊர், எந்த மாதிரி விஷயங்களைப் பார்க்கிறவர், இவருக்கு எதை விற்கலாம் என்று பார்த்து ஏலம் கேட்கிறார்கள். நியூஜெர்ஸியில் உள்ள ஒரு மருமகள் பார்த்தால் இன்ஷூரன்ஸ்காரர், ஊருக்குப் பணம் அனுப்பித் தருகிற கம்பெனி, கார் கடன் தருகிறவர் எல்லாரும் கை தூக்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு வாடிக்கையாளர் சிக்கினால் வருஷக்கணக்கில் டாலராக வரும். ஆகவே ஒரு விளம்பரத்துக்குக் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கலாம். பரங்கிமலைக்கும் கிண்டிக்கும் நடுவில் நின்றுகொண்டு பார்க்கிற கல்லூரிப் பையனுக்கு என்ன விற்பது? ஷாம்பு சாஷே, ரீசார்ஜ், ஒரு கேம். அதில் கிடைக்கிற லாபமே பைசாக் கணக்கு. பைசாவில்தான் ஏலம் கேட்பார்கள்.

இங்கே இரண்டு இங்கிலீஷ் சுருக்கெழுத்துக்களைச் சொல்லியாக வேண்டும். விளம்பரதாரர் ஆயிரம் விளம்பரத்துக்குக் கொடுப்பது ஸி.பி.எம். (மாமியின் கணவர் ரிடையர்டு யூனியன்காரர். "அட, அரிவாள் சுத்தியலா?" என்று ஆவலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.) நம் கைக்கு ஆயிரம் பார்வைக்கு வந்து சேர்வது ஆர்.பி.எம். இரண்டும் வேறு வேறு. முதலாவதைப் பார்த்துவிட்டுக் கனவு காண்கிறவர்கள் அநேகம்.

கணக்குக்காக முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். மச்சினனின் வீடியோவை உள்ளூரில் ஆயிரம் தடவை பார்க்கிறார்கள். ஆயிரத்துக்கும் விளம்பரம் வராது; ஏலம் கேட்க ஆள் இல்லாத நேரங்கள் உண்டு. மொத்தம் 500 விளம்பரம் ஓடியது என்போம். ஆயிரம் விளம்பரத்துக்கு 100 ரூபாய் ரேட் என்றால் 500-க்கு 50 ரூபாய். அதில் நீள வீடியோக்களுக்குப் படைப்பாளி பங்கு 55 சதவிகிதம். ஆக 27 ரூபாய் 50 பைசா. அதே ஆயிரம் பார்வை அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறது என்றால், கேட்க ஆள் அதிகம். 900 விளம்பரம் ஓடுகிறது. ரேட் 800 ரூபாய். ஆக 720 ரூபாய், அதில் 55 சதவிகிதம் 396. ஒரே பங்கு விகிதம்தான் ஸார், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விளம்பரத்தின் எண்ணிக்கையும் விலையும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்வதால் வித்தியாசம் பதினாலு மடங்காகிவிடுகிறது.

எண்ணிக்கை கூடுவதற்கு மாமிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 ஜூலையிலிருந்து எட்டு நிமிஷம் அல்லது அதற்கு மேல் உள்ள வீடியோவில் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். மாமி எதையும் எட்டு நிமிஷத்துக்குள் சொல்லி முடித்ததில்லை, நேரிலும்கூட. மச்சினன் ஐந்து நிமிஷத்தில் ஓடிவிடுவான். தவிர அவன் ஆட்கள் விளம்பரம் வந்ததும் ஐந்தாவது செகண்டில் 'ஸ்கிப்' அழுத்துகிறவர்கள். தாண்டிப் போகக்கூடிய விளம்பரங்கள் பலவற்றில், முப்பது செகண்டாவது பார்த்தால்தான் விளம்பரதாரர் காசு கொடுப்பார். விளம்பரமே அதைவிடச் சின்னது என்றால் முழுசாகப் பார்க்கணும். மாமியின் ரசிகைகள் கையெல்லாம் மாவு. யார் போய் அழுத்துவது?

அப்புறம் ஸ்டூடியோவில் 'ஜியாக்ரஃபி' என்று இருப்பதைத் தட்டினோம். ஒவ்வொரு தேசத்துக்கும் எத்தனை பார்வை, எவ்வளவு வரும்படி என்று பட்டியல் வரும். சேனல் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லாரும் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் இதுதான். சராசரி ஒரு பெரிய பொய்யன். மாமியின் 170-ஐப் பிரித்தால் இப்படி வந்தது. பாதிப் பேர் இந்தியா, அவர்களால் ஆயிரத்துக்கு 40 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, அவர்களால் 150. மீதி முப்பது சதவிகிதம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அங்கே 400. அந்த முப்பது சதவிகிதம்தான் வரும்படியில் எழுபது சதவிகிதத்தைக் கொண்டு வருகிறது! அவர்கள் ஒரு மாசம் கோபித்துக்கொண்டால் மாமியும் நம் ஜாதிதான்.

டாலரிலும் ஒரு முள் உண்டு. அமெரிக்கப் பார்வையாளர்களால் வருகிற பகுதிக்கு மட்டும், 2021 ஜூனிலிருந்து அமெரிக்க வரி பிடிக்கிறார்கள். W-8BEN படிவத்தை நிரப்பி, இந்தியாவுடன் உள்ள வரி ஒப்பந்தத்தைச் சொன்னால் 15 சதவிகிதம். ஒப்பந்தத்தைச் சொல்லாமல் விட்டால் 30. படிவமே கொடுக்காமல் இருந்தால் மொத்த வரும்படியிலும், அதாவது நம்ம ஊர்ப் பார்வைக்கு வந்த காசிலும், 24 சதவிகிதம் வரை போகலாம். மாமி நிரப்பியிருந்தார். "பேத்தி அங்க, இட்லி இங்க, வரி அவனுக்கா?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மச்சினன் சோர்ந்துதான் போனான். "அப்ப நம்ம ஊர்க்காரன் பார்த்தா பிரயோஜனமே இல்லையா அத்தான்?"

அதற்கு விடை அவன் சேனலிலேயே கிடைத்தது. எப்போதோ கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை பார்க்கப் போன நண்பனுக்காக ஒரு வீடியோ போட்டிருந்தான். வில்லங்கச் சான்றிதழை எப்படிப் படிப்பது, பட்டாவில் பெயர் எங்கே பார்ப்பது என்று. பார்த்தவர்கள் 9,000 பேர். அத்தனையும் நம்ம தமிழ்நாட்டுக் கூட்டம். ஆயிரத்துக்கு 110 ரூபாய்! காரணம் பழைய காரணம்தான். வில்லங்கம் பார்க்கிறவன் சும்மா பொழுதுபோக்குக்குப் பார்ப்பதில்லை, பையில் அட்வான்ஸ் பணத்தோடு பார்க்கிறான். வீட்டுக் கடன் கொடுக்கிற பாங்க்குக்கு இவன் ஒருவன் கிடைத்தால் இருபது வருஷம் வட்டி. வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரை லேஅவுட் போட்டவர்களுக்கோ ஒரே ஒரு மனை விற்றால் போதும். தேசம் ஒன்றேயானாலும் விஷயம் மாறியதும் ஏலம் கேட்கிறவர்கள் மாறிவிட்டார்கள்.

"அந்தப் பத்து லட்சம் ஓடிச்சே, அதுக்கு எவ்வளவு?" என்றேன். தயங்கி, போனைத் திருப்பிக் காட்டினான். 1,100 ரூபாய். வில்லங்க வீடியோவுக்கு 990. பத்து லட்சம் பேருக்கும் ஒன்பதாயிரம் பேருக்கும் நடுவில் வித்தியாசம் 110 ரூபாய், இரண்டு பேர் டிபன் சாப்பிடக்கூடக் காணாது. ஷார்ட்ஸில் அந்தந்த வீடியோவுக்கென்று விளம்பரம் கிடையாது. வீடியோக்களுக்கு இடையில்தான் வரும். அந்தப் பணத்தை ஓர் உண்டியலில் போட்டு, தேசவாரியாகப் பார்வைக் கணக்குப்படி பிரித்து, ஒவ்வொருவர் பங்கிலும் 45 சதவிகிதம் கொடுக்கிறார்கள். 2023 பிப்ரவரியிலிருந்து இதுதான் ஏற்பாடு. கோடிக்கணக்கான துண்டுகளுக்கு நடுவே உண்டியல் பிரிந்தால் இப்படித்தான் இருக்கும்.

சிலர் வி.பி.என். போட்டு அமெரிக்காவில் இருப்பதுபோல் நம் வீடியோவை நாமே பார்த்தால் என்ன என்று மூளையை உபயோகிப்பார்கள். செல்லாத பார்வை என்று கழித்துவிடுவார்கள். தொடர்ந்தால் விளம்பர வரும்படியே ரத்தாகும்.

பேப்பரை எடுத்து அவனே எழுதினான், அக்கவுண்ட்ஸ்காரன் அல்லவா. சம்பளமான 28 ஆயிரத்தை 25 ரூபாய் ரேட்டில் எடுக்க மாசம் 11 லட்சத்து 20 ஆயிரம் பார்வை வேண்டும், அதுவும் துண்டு வீடியோ சேராமல். 110 ரூபாய் ரேட்டில் என்றால் இரண்டரை லட்சத்துச் சொச்சம். ஆனால் பட்டா, வில்லங்கம் என்று ஒரு மாசத்தில் இரண்டரை லட்சம் பேர் தேடி வருவார்களா என்பது வேறு கேள்வி. அந்த வீடியோ 9,000 தொட ஏழு மாசம் ஆகியிருந்தது.

ராஜினாமாக் கடிதம் இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது. அவன் லீவு போட்டுவிட்டு சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நின்று, பத்திரம் பதிய வருகிறவர்கள் என்னென்ன காகிதத்தை மறந்துவிட்டு வருகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருக்கிறான். மேல் மாடியில் மட்டும் லேசான கலவரம். கிறிஸ்துமஸ் வரை ஏறிக்கொண்டே போன ரேட், ஜனவரி பிறந்ததும் சரிந்துவிட்டது. வருஷக் கடைசிக்கென்று ஒதுக்கிய விளம்பரப் பணத்தைக் கம்பெனிகள் டிசம்பரிலேயே கொட்டித் தீர்த்துவிடும். மார்கழி பூ விலைக்கும் முகூர்த்த நாள் பூ விலைக்கும் உள்ள சமாசாரம்தான். மாமியோ அன்றைக்குப் போட்ட மிளகாய்ப்பொடி வீடியோவில் ஏதோ தப்பு என்று நினைத்து, அதை மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறார்.