20 கேள்வி, ஒரு 0.03

விடுதியில் இருக்கிறவை, வீட்டிலிருந்து வாறவை என்று மாணவரை இரண்டாகப் பிரித்து, வினாக்கொத்தின் 20 கேள்விகளையும் தனித்தனியாகச் சோதித்தோம். ஒன்றில் மட்டும் p = 0.03 வந்தது: விடுதிக்காரர் நூலகத்துக்குக் கூடப் போகினமாம். சந்தோசத்தில் முடிவுரையையே எழுதிப்போட்டோம்.

"மொத்தம் எத்தினை சோதனை செய்தனீங்கள்?" என்று சீனியர் அக்கா கேட்டா. அதுக்குப் பிறகுதான் கணக்குப் பார்த்தோம். உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டாலும், ஒரு சோதனை தற்செயலாக 0.05க்குக் கீழே வர 5 வீத வாய்ப்பு உண்டு. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளில் ஒன்றாவது அப்படி வர 64 வீதம் (1 − 0.95²⁰).

பொன்பெரோனி திருத்தம் லேசு: 0.05ஐ 20ஆல் வகுத்தால் 0.0025. எங்கட p அதைவிடக் குறைந்திருக்க வேணும். 0.03 எங்கே, அது எங்கே!

இந்தத் திருத்தம் கடுமையானது, உண்மையான வித்தியாசத்தையும் தவறவிடலாம். அதனால் "வித்தியாசம் இல்லை" என்றும் எழுதவில்லை. "20 சோதனை செய்தோம், திருத்தியபின் எதுவும் நிற்கவில்லை" என்று முடிவுரையை மாற்றினோம்.