விடிந்தால் விமானம்

சென்ற ஆவணி மாதத்தில் ஓரிரவு, வெள்ளவத்தை விடுதியொன்றில் நானும் என் நண்பரும் உறக்கமின்றி இருந்தோம். நண்பர் என் கல்லூரியிலே பதினெட்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். நாற்பத்து மூன்று வயது வரை விமானத்தில் கால் வைத்தறியாதவர். விடிந்தால் மாலைதீவுக்குப் புறப்பட வேண்டும். அங்கே ஒரு பாடசாலையில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீட்டுக் கடனும் மூத்த மகளின் படிப்பும் நின்றன.

பதினொரு மணியளவில், "நான் போகவில்லை. காலையில் அறிவித்துவிடுவோம்" என்றார்.

விபத்துகள் மிக அரிது என்று அவருக்குச் சொல்லிப் பயனில்லை. நிகழ்தகவை ஆண்டுதோறும் கற்பிப்பவர் அவரே. நானோ அதே பாதையில் போய், ஒரு தீவில் இரண்டு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்து மீண்டவன். ஆகவே, என்னை முதற் பயணத்தில் நடுங்க வைத்தவற்றை மட்டும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன்.

"கேளும். விமானம் நிலத்தைவிட்டு எழுந்த சில விநாடிகளில் காலடியில் 'தடால்' என்றொரு சத்தம் கேட்கும். சக்கரங்கள் உள்ளே மடங்குகின்றன, அவ்வளவுதான். பிறகு ஒரு நிமிடம் ஆகுமோ ஆகாதோ, இயந்திரத்தின் இரைச்சல் திடீரெனத் தணியும். வயிறு கீழிறங்குவது போலிருக்கும். இயந்திரம் நின்றுவிட்டதென்று நான் அன்று முன்னாசனத்தைப் பற்றிக்கொண்டேன். உண்மையில் நடப்பது வேறு. எழும்புவதற்கு மிகுந்த விசை வேண்டும். எழுந்தபின் அவ்வளவு வேண்டியதில்லை. ஆதலால் விமானி விசையைக் குறைக்கிறார். விமானம் அப்போதும் மேலேதான் போய்க்கொண்டிருக்கும்."

"மேகத்துக்குள் குலுங்குமாமே?"

"குலுங்கும். பருவக்காற்றுக் காலமல்லவா? நூறடி விழுந்ததாகத் தோன்றும். பெரும்பாலும் சில அடிகளாகவே இருக்கும். இறக்கையின் நுனி மேலும் கீழும் அசையும். காற்றில் வளைந்து கொடுக்கும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். குலுக்கத்தில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் ஆசனப்பட்டியை அவிழ்த்து வைத்திருப்பவர்களே. நீர் முழு நேரமும் கட்டியிரும். எல்லாம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரந்தான். இங்கிருந்து வவுனியாவுக்குப் பஸ்ஸில் போவதைவிடக் குறைவு."

சற்றே சிரித்தார். ஆனால் பெரிய அச்சம் எதுவென்பது எனக்குத் தெரியும். அதை மறைத்து அனுப்புவது நட்பாகாது.

"இறங்கும்போது சன்னலால் பார்த்தால் கடல் தெரியும். இன்னும் தாழ்ந்தால் இன்னும் கடல். அலையின் நுரைகூடத் தெரியும், நிலம் தெரியாது. கடலுக்குள்ளேயே இறக்குகிறார்கள் என்று நினைப்பீர். அந்த விமான நிலையம் ஹுல்ஹுலே என்னும் தீவில் இருக்கிறது. ஓடுபாதையின் விளிம்பு வரைக்கும் நீர். கடைசிக் கணத்தில்தான் கற்கரை கண்ணிற்படும். கல்லைக் கண்டவுடன் தரையைத் தொட்டுவிடுவீர். 2022ஆம் ஆண்டிலிருந்து பயன்படும் புதிய ஓடுபாதை 3,400 மீற்றர் நீளமானது, இடத்துக்குப் பஞ்சமில்லை. தொட்டதும் இயந்திரம் பேரொலியுடன் உறுமும். அது வேகத்தைக் குறைக்கும் உறுமல்."

என் காலத்தில் அங்கிருந்து தலைநகருக்குத் தோணியில் போனோம். அவர்களும் அதைத் தோணி போலவே ஒலிக்கும் பெயரால் அழைப்பர். 2018 முதல் பாலம் இருக்கிறது.

பேச்சோடு பேச்சாகப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒப்பந்தமும் உறுதிப்படுத்திய சான்றிதழ்களும் உடுப்புகளின் அடியில் கிடந்தன. அவற்றைக் கைப்பைக்கு மாற்றினேன். பெட்டி வழிதவறினாலும் மனிதனும் அவன் கடதாசிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். வேட்டி மடிப்பில் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. சாண் நீளமுள்ள ஒரு பித்தளை வேல். நல்லூரில் பூசையில் வைத்தெடுத்து, தாயார் சொல்லாமலே வைத்தனுப்பியிருக்கிறார்.

நான் நெடுநேரம் பேசவில்லை. வழிபாட்டுச் சிலைகளை அந்நாட்டுக்குள் கொண்டுபோகச் சட்டம் இடந்தராது. வேலையும் சிலையோடு சேர்த்தே எண்ணுவார்களென்று அஞ்சினேன். சுங்கத்தில் பெட்டிகளைக் கதிரியக்கருவியில் விட்டுப் பார்ப்பார்கள். முதல் நாளிலேயே அங்கே நின்று விளக்கங் கூறும் நிலை அவருக்கு வேண்டாம்.

சொன்னேன். முகம் வாடிவிட்டது. விமானத்தைப் பற்றிய பயத்தின்போதுகூட அவர் கண் கலங்கவில்லை, இப்போது கலங்கியது.

"அம்மாவிடம் என்ன சொல்வது?"

"என்னிடம் தாரும். நாளை இரவுப் புகையிரதத்தில் நான் திரும்புகிறேன். அவர் கையிலேயே கொடுத்து, காரணத்தையும் நானே சொல்லுகிறேன்."

வேலைக் கண்ணில் ஒற்றி என்னிடம் தந்தார். பிறகு, போகவில்லை என்ற பேச்சு எழவில்லை. இரண்டு மணிக்குப் பின் குறட்டை கேட்டது. நான்தான் உறங்கவில்லை.

மறுநாள் நண்பகலுக்குச் சற்று முன் தொலைபேசி ஒலித்தது. அங்கே நேரம் நம்மைவிட அரைமணி பின். அதைச் சொல்ல மறந்திருந்தேன், கடிகாரம் பிழையென்று முறையிட்டார். பிறகு சொன்னார்:

"கடல், கடல், கடல். கண்ணை மூட நினைத்தேன். அப்போது கல் தெரிந்தது."