கவரில் 45, உள்ளே 41

2024 நவம்பர் கடைசியில் தொடங்கி மூன்று வாரம் போல, 45 கிராம் என்று அச்சடித்த கவரில் 41 கிராம் மிக்சர் போட்டு விற்றேன். எந்த அதிகாரியும் என் பட்டறைக்கு வரவில்லை, வழக்கும் இல்லை. ஆனாலும் விலைவாசி என்னை இப்படிச் செய்ய வைத்தது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது பொய். எண்ணெய் விலை ஏறியது உண்மை. கிராமைத் திருடியது நான்.

தேர்வாய் கண்டிகை சிப்காட்டை ஒட்டி எனக்கு ஒரு சிறிய மிக்சர், காராபூந்திப் பட்டறை. டயர் ஆலைக்கும் சுற்றியுள்ள கம்பெனிகளுக்கும் ஷிப்டு போகிறவர்கள் டீயோடு வாங்குகிற 10 ரூபாய் பாக்கெட்தான் என் பிழைப்பு. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டை வரை லைன் வண்டி போகும். ஒரு நாளைக்கு 6,000 பாக்கெட். அதற்கு ஏறக்குறைய ஆறு டின் பாமாயில்.

2024 செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு இருந்த அடிப்படைச் சுங்கவரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம் ஆக்கியது. மற்ற வரிகளையும் சேர்த்தால் 5.5 சதவீதமாக இருந்தது 27.5 ஆனது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75. பழைய வரியில் வந்த எண்ணெய் கையிருப்பில் இருக்கும்வரை விலையை ஏற்றாதீர்கள் என்று எண்ணெய் கம்பெனிகளிடம் அரசு சொன்னது பேப்பரில் வந்தது. எனக்கு வந்த டின் அந்தப் பேப்பரைப் படிக்கவில்லை. 1,485 ரூபாயாக இருந்த 15 கிலோ டின் ஒரே வாரத்தில் 1,690. உலகச் சந்தையிலும் பாமாயில் ஏற, நவம்பர் பாதியில் 1,905.

என் கணக்கைத் திறந்தே காட்டுகிறேன். 10 ரூபாய் பாக்கெட்டில் கடைக்காரர், ஏஜென்சி பங்கு போக எனக்கு வருவது 7 ரூபாய். அதில் அன்றைய 12 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் 6 ரூபாய் 25 காசு. ஒரு கிலோ மிக்சருக்கு மாவு, பருப்பு, கடலை 62 ரூபாய், எண்ணெய் 33, கேஸும் கூலியும் 15, ஆக 110. அப்படியானால் 45 கிராமுக்கு 4 ரூபாய் 95 காசு. கவர் 45 காசு, வண்டி வாடகையும் நமத்துத் திரும்பி வருகிற சரக்கும் 40 காசு. மிச்சம் 45 காசு.

ஒரு கிலோ மிக்சர் குடிக்கிற எண்ணெய் 330 கிராம் போல. ஆகவே டின்னுக்கு 100 ரூபாய் ஏறினால் என் பாக்கெட்டுக்கு 10 காசு ஏறும். 420 ரூபாய் ஏற்றத்துக்கு 42 காசு. நவம்பரில் என் கையில் நின்றது 3 காசு. அதாவது நாளைக்கு 180 ரூபாய். மெஷின் லோன் தவணைக்கு அது எந்த மூலைக்கு?

இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். நான் அதைப் போட்டது நவம்பரில். டின் 1,690ஐத் தொட்ட செப்டம்பர் வாரத்திலேயே போட்டிருந்தால், லாபத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது என்று அன்றே தெரிந்திருக்கும். போடாததற்குக் காரணம் 2022. அந்த வருடம் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்துக் குறைந்தது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. எல்லோரும் அலறினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எதையும் மாற்றாமல் இருந்தேன். மே 23 அன்று தடை நீங்கியது, சில வாரங்களில் விலையும் சரிந்தது. என்னைப் போல் புத்திசாலி இல்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஏற்றுமதித் தடை போட்ட நாட்டையே கடிக்கும், அதனால் சீக்கிரம் நீங்கும். சுங்கவரி அப்படியில்லை. உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்று போட்ட வரி, எனக்காக இறங்கி வராது. அது குறைந்தது 2025 மே 30ல்தான், அதுவும் பாதி. நானோ தீபாவளி கழிந்தால் குறைத்துவிடுவார்கள் என்ற டீக்கடைப் பேச்சை நம்பினேன். ஏற்றத்தை நானே தாங்குகிறேன் என்று ஏஜென்சிக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னேன். அது தாங்கியது இல்லை, தள்ளிப்போட்டது.

விலையை ஏற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னுடைய 400 கிராம் பாக்கெட் 100 ரூபாய். அதை 106 ஆக்கியிருந்தால் எண்ணெய் ஏற்றம் சரியாகிவிடும். மளிகைச் சாமானோடு சேர்த்து வாங்குகிறவர் 6 ரூபாயைப் பார்ப்பதில்லை. விலை, தேதி, பேட்ச் எண் மூன்றையும் பட்டறையிலேயே பிரிண்டரில் அடிக்கிறோம், ஆகவே ஒரே நாளில் மாற்றியிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. 10 ரூபாய் பாக்கெட் வேறு கதை. பக்கத்துச் சரங்களெல்லாம் 10 ரூபாயில் தொங்கும்போது 11 ரூபாய் சரத்தைக் கடைக்காரர் உள்ளே தள்ளிவிடுவார். சில்லறைத் தொல்லை வேறு.

ஆக அந்தப் பாக்கெட்டுக்கு எடையைக் குறைப்பதுதான் வழி. அதில் தப்பு ஒன்றுமில்லை. 2022ல் ஹல்திராம் 10 ரூபாய் ஆலு புஜியாவை 55 கிராமிலிருந்து 42 ஆக்கியது, 10 ரூபாய் விம் கட்டி 155லிருந்து 135க்கு வந்தது. இரண்டும் செய்தியில் வந்தவை. கவரில் புது எடையை அச்சிட்டு விற்றார்கள், அவ்வளவுதான். எனக்கு எவ்வளவு குறைக்க வேண்டும்? ஏறிய விலையில் ஒரு கிராம் மிக்சர் 12 காசு. 42 காசை மீட்க மூன்றரை கிராம். எண்ணெய் 28 சதவீதம் ஏறியது என்று பாக்கெட்டில் 28 சதவீதம் வெட்டுகிறவர்களும் உண்டு, ஏறியது எண்ணெய் மட்டும் என்பதை மறந்துவிட்டு. 41 கிராம் என்றால் எனக்குத் தாராளம். கவரில் ஒரு கிராமின் விலை 22 காசு என்று போடுவதை 24 காசு என்று மாற்ற வேண்டும், வாங்குகிறவருக்கு அதுவும் தெரியும்.

சிக்கல் இங்கேதான். விலை பிரிண்டரில், எடையோ சிலிண்டரில். கவர் ரோலின் டிசைனோடு சேர்ந்தே அச்சாகி வருவது. அதை மாற்ற ஒரு நிறத்துக்கான சிலிண்டரை மாற்றி, புது ரோல் வர மூன்று வாரம் ஆகும். அக்டோபரில் ரோல் தீர்ந்துகொண்டிருந்தபோது நான் என்ன செய்தேன்? வரி குறையும் என்ற நம்பிக்கையில் அதே 45 கிராம் டிசைனில் இன்னும் 400 கிலோ ஆர்டர் கொடுத்தேன். நவம்பர் நடுவில் வந்து இறங்கியது. 90,000 ரூபாய் சரக்கு, ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். எடை மேல் ஸ்டிக்கர் ஒட்டி மாற்றவும் சட்டம் விடாது. விலையைக் குறைக்க மட்டும்தான் ஸ்டிக்கர் ஒட்டலாம்.

அப்போதுதான் எனக்குத் தோதாக ஒரு விதி நினைவுக்கு வந்தது. பொட்டலப் பொருள் விதிகளில் 50 கிராம் வரையிலான பாக்கெட்டுக்கு 9 சதவீதம் எடைப் பிழையை ஏற்கிறார்கள். 45க்கு அது 4 கிராம் சொச்சம். 41 போட்டால் சட்டத்துக்குள்தானே இருக்கிறோம் என்று எனக்கு நானே வக்கீலானேன். அந்தச் சலுகை மெஷின் தடுமாற்றத்துக்கு. ஒரு பாக்கெட் 43 வரலாம், இன்னொன்று 47 வர வேண்டும், சோதனைக்கு எடுத்த பாக்கெட்டுகளின் சராசரி 45க்குக் கீழே போகக் கூடாது. இதுவும் எனக்குத் தெரியும். என் மெஷினில் எடை பார்த்துக் கொட்டுவது இல்லை, கப்பில் அளந்து கொட்டுவது. கப்பின் உயரத்தைக் குறைத்து 41க்கு வைத்தால் பாதிப் பாக்கெட் 41க்கும் கீழே போகும், சிலது 39ல் நிற்கும். நான் பிடித்துக்கொண்ட விதியிலேயே நான் தோற்றவன். கப்பை நானே திருகினேன். ஆபரேட்டர் பையன் கவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

கண்டுபிடித்தவர் சிப்காட் கேட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. பின்னால் மாட்டியிருந்த பன்னிரண்டு பாக்கெட் பழைய சரத்தை, வெங்காயம் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்தார். கவர் எடையோடு 564. அதை எடுத்துவிட்டுப் புதுச் சரத்தை வைத்தார். 516.

“இன்னா தம்பி, சரத்துக்கு ஒரு பாக்கெட்ட காணோமே?”

“மெஷின்ல கப்பு லூசாயிருக்கும்க்கா. பையன் கவனிக்கல போல.”

பையன் வண்டியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்தது. நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால், கிராமைச் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்வேன்.

அக்கா நம்பவில்லை. “கொறைக்கிறேன்னு சொல்லிட்டுக் கொறைச்சிருந்தா நானே வித்துக் குடுத்திருப்பேன்பா” என்று சரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அந்த வாரமே அந்த வரிசையில் நான்கைந்து கடைகள் என் சரத்தை நிறுத்தின.

அந்த மூன்று வாரத்தில் நான் சுருட்டியது 60,000 ரூபாய்க்குப் பக்கம். ஆனால் ரோல் தீரும்வரை 45 கிராமே போட்டிருந்தால் நஷ்டம் வந்திருக்காது. பாக்கெட்டுக்கு 3 காசு மிஞ்சியிருக்கும். பெரிய பாக்கெட்டின் விலையை ஏற்றி, தவணைக்கு ஒரு மாதம் கைமாற்று வாங்கியிருந்தால் கடந்திருக்கலாம். வாங்க வெட்கம். திருட வெட்கமில்லை.

கப்பை மறுபடி 45க்கு ஏற்றினேன். ஆபரேட்டரிடம், மற்ற ஆட்கள் இருக்கும்போதே, கப்பைத் திருகியது நான்தான் என்று சொன்னேன். ஜனவரியில் 41 கிராம் அச்சிட்ட ரோல் வந்தது. இந்த முறை எடைக்கும் கிராம் விலைக்கும் டிசைனில் வெற்றிடம் விட்டு, பிரிண்டரிலேயே அடிக்கும்படி மாற்றினேன். 2025 செப்டம்பர் 22ல் மிக்சருக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 ஆனது. 7 ரூபாயில் எனக்கு நிற்பது 6 ரூபாய் 67 காசு, அதாவது எண்ணெய் எடுத்துக்கொண்ட அதே 42 காசு. பாக்கெட்டை மறுபடி 45 கிராம் ஆக்கினேன். அந்த அக்கா இன்னும் என் சரத்தை வாங்கவில்லை.

இந்தப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சரக்கு இறங்கும்போது ஒரு சரத்தைத் தராசில் வையுங்கள். கவரில் போட்ட எடையைப் பன்னிரண்டால் பெருக்கி, காலிக் கவர் ஒவ்வொன்றுக்கும் 2 கிராம் கூட்டிப் பாருங்கள். என் சரம் 564க்குக் குறைந்தால் இறக்க விடாதீர்கள்.