மூன்று வருடக் காசு ஒரே மாதத்தில் வந்தால்



கொஞ்சம் நீளமான பதிவு. நிலுவைச் சம்பளம் எடுத்தவர்கள், எடுக்கக் காத்திருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

உம்மாவின் தங்கையை, எங்கள் சாச்சியை, காயல்பட்டினத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பம். சாச்சியின் மூத்த மகன், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியர். 2019 ஏப்ரலில் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு ஏதோ கோப்புக்குள் கிடந்து, 2022இல்தான் முன்திகதியிட்டு வந்தது. மூன்று நிதியாண்டுகளுக்கான வித்தியாசம், வருடத்துக்கு ஒரு இலட்சமாக மூன்று இலட்சம் இந்திய ரூபாய், ஒரே மாதத்தில் கைக்கு வந்தது.

அந்த மூன்று வருடமும் மதினியின் வளையல் அடகில் இருந்தது. காசு வந்ததும் மீட்பதென்று பேச்சு. ஆனால் வருமான வரியைப் பிடித்துக்கொண்டு கொடுத்ததில் கணக்குச் சரிவரவில்லை. "உழைத்தது மூன்று வருடம், வரி மட்டும் ஒரே வருடத்து ஆள் மாதிரிப் பிடித்துவிட்டார்கள் தம்பி" என்று தொலைபேசியில் சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் அதற்கு அங்கே சட்டத்திலேயே பரிகாரம் இருந்தது. இந்திய வருமான வரிச் சட்டம் 1961இன் 89ஆம் பிரிவு. பழைய வருடங்களில் உழைத்து இப்போது கையில் கிடைத்த சம்பளத்தால் வரி கூடினால், கூடிய பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். பிந்திக் கிடைத்த போனஸ் பழைய வருடத்துக்குரியதாக இருந்தாலும் இதே வழிதான்.

கணக்கு எப்படி என்று காக்காவின் தொகையிலேயே சொல்கிறேன். கழிவுகளெல்லாம் போக 2022-23இல் அவருடைய வரிக்குரிய வருமானம் ஏழரை இலட்சம். நிலுவையைச் சேர்த்தால் பத்தரை இலட்சம்.

முதலில் இந்த வருடத்தை மட்டும் பார்க்க வேண்டும். நிலுவை இல்லாமல் வரி 65,000. நிலுவையோடு 1,32,600. நான்கு வீத மேல்வரியும் இதற்குள் அடக்கம். ஆகவே நிலுவையால் கூடிய வரி 67,600. பத்து இலட்சத்துக்கு மேல் போன ஐம்பதாயிரத்துக்கு முப்பது வீதம் விழுந்துவிட்டது.

அடுத்து, அந்தக் காசு உரிய வருடத்திலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க வேண்டும். 2019-20இல் வரிக்குரிய வருமானம் 3,80,000. ஒரு இலட்சம் சேர்ந்தால் 4,80,000. ஐந்து இலட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் அந்த வருடம் ஒரு ரூபாயும் கூடியிருக்காது. 2020-21இல் 4,20,000. அது 5,20,000 ஆகியிருந்தால் தள்ளுபடி போய், 17,160 ரூபாய் வரி வந்திருக்கும். 2021-22இல் 5,60,000 இருந்தது 6,60,000 ஆகும், கூடுவது 20,800. மூன்றையும் கூட்டினால் 37,960.

இப்போது 67,600இலிருந்து 37,960ஐக் கழியுங்கள். மிச்சம் 29,640. இதுதான் அவருக்குரிய நிவாரணம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நிலுவை வந்த எல்லோருக்கும் இது கிடைக்காது. பழைய வருடங்களிலும் இப்போதும் ஒரே வரி வீதத்துக்குள் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் சமமாக வரும், நிவாரணம் பூச்சியம். பழைய வருடத்துக் கணக்கில் வரி அதிகமாக வந்தாலும் நிவாரணம் இல்லை. அதற்காக மேலதிகமாகக் கட்டச் சொல்லவும் மாட்டார்கள். இடைப்பட்ட வருடங்களில் வீதம் ஏறியவருக்குத்தான் இந்தப் பிரிவு உதவும்.

காக்கா கணக்கைச் சரியாகப் போட்டார். 2023 ஜூலையில் வரி விபரத்திரட்டில் 89ஆம் பிரிவுக்குரிய இடத்தில் 29,640 என்று எழுதி அனுப்பியும் விட்டார். ஒக்டோபரில் பதில் வந்தது. நிவாரணம் நிராகரிக்கப்பட்டிருந்தது. திரும்பி வர வேண்டிய காசு பூச்சியம்.

பிழை கணக்கில் இல்லை, ஒரு படிவத்தில் இருந்தது. இந்த நிவாரணம் கேட்பவர், விபரத்திரட்டு அனுப்புவதற்கு முன்பே 10E என்ற படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்பியிருக்க வேண்டும். நிலுவைச் சம்பளத்துக்கு அதன் முதலாவது இணைப்பு. மேலே நான் போட்ட கணக்கைத்தான் அதில் வருடம் வருடமாகக் கேட்கிறார்கள். படிவம் இல்லாமல் தொகையை மட்டும் எழுதினால், சரிபார்க்கும் கணினி அதை அப்படியே வெட்டிவிடும்.

அதை நிரப்பும்போது இன்னொரு இடத்திலும் பலர் சறுக்குகிறார்கள். நிலுவை 2019க்கு உரியது என்பதால் மதிப்பீட்டு ஆண்டாகப் பழைய ஆண்டைத் தெரிவு செய்துவிடுகிறார்கள். காசு கையில் கிடைத்த வருடத்துக்குரிய மதிப்பீட்டு ஆண்டையே போட வேண்டும். காக்காவுக்கு அது 2023-24. படிவமும் ஒன்றுதான், வருடத்துக்கு ஒன்று அல்ல.

நல்ல வேளை, திருத்திய விபரத்திரட்டு அனுப்ப அந்த வருடம் டிசம்பர் 31 வரை அவகாசம் இருந்தது. எந்த வருடத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் நிலுவைப் பட்டியலை அலுவலகத்தில் கேட்டு வாங்கினார். பழைய மூன்று வருடத்து விபரத்திரட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 10Eஐ முதலில் அனுப்பினார். பிறகுதான் திருத்திய விபரத்திரட்டு. காசு திரும்பி வந்தது. அரசு ஊழியர்களும் கல்வி நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் நிலுவை கிடைக்கும்போதே இந்த விபரத்தைச் சம்பளம் கொடுப்பவரிடம் ஒப்படைக்கலாம். அவர் நிவாரணத்தைக் கழித்துக்கொண்டே வரியைப் பிடிப்பார். அது தெரிந்திருந்தால் வளையல் இன்னும் ஒரு வருடம் அடகில் கிடந்திருக்காது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? சம்பள உயர்ச்சி நிலுவைக்கு வருடக்கணக்கில் அலைவது நமக்கும் பழகிப்போன விடயம். நமது உண்ணாட்டரசிறைச் சட்டத்தில் தொழில் வருமானம் காசு கிடைத்த வருடத்துக்கே சேரும். காக்காவைப் போல் நாம் பழைய வருடங்களுக்குப் பிரித்துப் போட முடியாது. ஆனால் நமக்கும் பார்க்க வேண்டிய ஒரு இடம் இருக்கிறது.

2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்குப் பதினெட்டு இலட்சம், மாதத்துக்கு ஒன்றரை இலட்சம் வரை வரி இல்லை. வருடம் முழுக்க மாதம் ஒரு இலட்சம் எடுக்கும் ஒருவருக்கு ஒரு மாதத்தில் மூன்று இலட்சம் நிலுவை சேர்ந்து வருகிறது என்று வையுங்கள். நான்கு இலட்சத்தையும் மாதச் சம்பள அட்டவணையில் போட்டால் 50,000 ரூபாய் வரி வெட்டுப்படும். ஆனால் வருடம் முழுவதற்கும் அவருடைய வருமானம் பதினைந்து இலட்சம்தான். வேறு வருமானம் இல்லையென்றால் கட்ட வேண்டிய வரி ஒரு சதமும் இல்லை.

ஆகவே நிலுவை வந்த மாதத்துச் சம்பளத் துண்டை எடுத்துப் பாருங்கள். மொத்தமாகக் கொடுக்கும் தொகைகளுக்கென்று, வருட வருமானத்தை வைத்துக் கணக்கிடும் தனி அட்டவணை இருக்கிறது. எந்த அட்டவணையில் வெட்டினார்கள் என்று கேளுங்கள். வெட்டியாகிவிட்டது என்றால் வருட முடிவில் வரி பிடித்ததற்கான சான்றிதழை வாங்கி, விபரத்திரட்டு அனுப்பி, மீளக் கேளுங்கள்.

மதினியின் வளையல் போன நோன்புப் பெருநாளைக்குக் கையில் இருந்தது. சாச்சி படம் அனுப்பியிருந்தார்.